சப்ளையர் தரும் பரிசை அவர் முகம் வாடாமல் மறுப்பது எப்படி?

"கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் பர்ச்சேஸில் இருக்கிறேன். எங்களுக்கு காஸ்டிங் தரும் பவுண்டரி ஓனருக்கு என் அப்பா வயது. என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். போன தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸோடு ஒரு பட்டுச்சேலையை வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இந்த வருடம் மகள் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லி, பொள்ளாச்சி பக்கம் ரிசார்ட்டில் இரண்டு நாள் ரூம் போடுவதாகச் சொல்கிறார். கம்பெனி விதிப்படி ஆயிரம் ரூபாய்க்கு மேல் எதையும் வாங்கக்கூடாது. அவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?"

பர்ச்சேஸில் இருபத்தாறு வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். பரிசை மறுத்ததற்காக என்னிடம் முகம் திருப்பிக்கொண்டவர் ஒரே ஒருவர்தான். பதினான்கு மாதம் என்னோடு பேசவில்லை. தப்பு என் மேல் என்பதால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

அவரும் பவுண்டரிக்காரர்தான். மோல்டராக வேலைக்குச் சேர்ந்து, பிறகு சொந்தமாக ஒரு சின்ன ஃபர்னஸ் வைத்தவர். தீபாவளிக்கு முந்தின வாரம், நான் ஆபீஸில் இருந்த நேரத்தில், மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். ஒரு கிலோ ஸ்வீட், ஒரு மஞ்சள் துணிப்பை. பைக்குள் ஒரு ஜோடி வெள்ளிக் குத்துவிளக்கு. அதன் மேல் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம். அந்த அம்மா தாம்பூலத்தைத் தட்டில் வைத்து நீட்டும்போது என் மனைவி என்ன செய்வாள்? வாங்கிக்கொண்டாள். இரவு ஒன்பது மணிக்கு வந்து பையைப் பிரித்துப் பார்த்த எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த வாரம்தான் அவருடைய 340 பம்ப் கேசிங்கை, வார்ப்பில் காற்றுக்குழி, அதாவது ப்ளோ ஹோல் இருக்கிறது என்று இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷனில் ரிஜெக்ட் செய்திருந்தார்கள். அதற்கான பணத்தை அவர் பில்லில் பிடிக்கும் டெபிட் நோட் கையெழுத்துக்காக என் மேஜையில் கிடந்தது.

மறுநாள் காலையில் பையை அப்படியே கட்டி, "கம்பெனி விதிமுறைப்படி ஏற்க இயலாது" என்று இரண்டு வரி டைப் செய்து, ஆபீஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பினேன். கை சுத்தம் என்று எனக்கு நிம்மதி. டிரைவர் போய்ச் சேர்ந்தபோது பவுண்டரியில் போனஸ் பட்டுவாடா நடந்துகொண்டிருந்தது. முப்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். அக்கவுண்ட்ஸ் பையன் பையை வாங்கி, என்னவோ ஏதோ என்று மேஜை மேலேயே பிரித்துவிட்டான். விளக்கும் குங்குமமும் எல்லார் கண்ணிலும் பட்டன.

அதன்பிறகு அவர் எங்கள் கம்பெனி கேட்டை மிதிக்கவில்லை. மகனை அனுப்புவார். சரக்கும் ரேட்டும் ஒழுங்காகத்தான் வந்தன. ஒரு வருடம் கழித்து மகன்தான் விஷயத்தைச் சொன்னான்: "விளக்கு திரும்பி வந்ததுல அப்பாவுக்கு ஒண்ணும் இல்லீங்க சார். டிரைவர் கையில வந்துச்சு, அதுவும் பண்டிகை நேரத்துல குங்குமத்தோட வந்துச்சு. அம்மா அன்னிக்கு சாப்பிடவே இல்லீங்க."

வெள்ளியை நான் திருப்பியனுப்பியது சரி. குங்குமத்தைத் திருப்பியனுப்பியது அவர் மனைவியை வாசலில் நிற்க வைத்துக் கதவைச் சாத்தியது போல. நம் ஊரில் ஒரு பரிசு வரும்போது இரண்டு பொருள் சேர்ந்து வருகிறது. ஒன்றுக்குக் கடையில் விலை உண்டு, பில் போடலாம். மற்றது மரியாதை. கம்பெனி விதி தடுப்பது விலை உள்ளதை மட்டும்தான். மஞ்சள், குங்குமம், பூ, பழம், கோயில் பிரசாதம் இவற்றை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, நெற்றியில் இட்டுக்கொண்டு, அதன்பிறகு விளக்கை மறுத்தால் அது வேறு மாதிரி மறுப்பு. இதைப் புரிந்துகொண்ட பிறகு எனக்கு யாரோடும் மனத்தாங்கல் வந்ததில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். உங்கள் விதியை ஒருமுறை முழுசாகப் படித்துவிடுங்கள். அந்த ஆயிரம் ரூபாய் ஒரு தடவைக்கா, வருடத்துக்கா? குடும்பத்தாருக்குத் தருவதும் அதில் அடங்குமா? பெரும்பாலும் அடங்கும். மனைவிக்கு வந்த சேலை உங்களுக்கு வந்த சேலைதான். ரொக்கம், தங்கக் காசு, கிஃப்ட் கார்டு மூன்றையும் பல கம்பெனிகள் எவ்வளவு சின்னத் தொகையானாலும் கூடாது என்றுதான் வைத்திருக்கின்றன. தீபாவளிக்கு அரை கிராம் வெள்ளிக் காசு ஒட்டிய வாழ்த்து அட்டை வருமே, அது எதில் சேரும் என்று எச்.ஆரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். இடத்துக்கு இடம் மாறுகிறது.

போன வருடத்துச் சேலையைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அது இன்னும் வீட்டில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கட்டியாயிற்று என்றால் இனித் திருப்பித் தர வழியில்லை, தரவும் வேண்டாம். ஆனால் உங்கள் மேலாளருக்கும் எச்.ஆருக்கும் இன்னார், இன்ன தேதி, இன்ன பொருள், சுமாராக இவ்வளவு மதிப்பு, அப்போதே சொல்லத் தவறிவிட்டேன் என்று நான்கு வரி மெயில் போட்டுவிடுங்கள். நீங்களாகச் சொன்னால் பெரும்பாலும் ஒரு கண்டிப்போடு முடிந்துவிடும். மூன்று வருடம் கழித்து, ஆர்டர் கிடைக்காத வேறொரு சப்ளையர் எழுதும் மொட்டைக் கடிதத்தில் அந்தச் சேலை வந்தால் கதையே வேறு.

இந்த வருடத்துக்கான வேலை ஆயுத பூஜைக்கு முன்னாலேயே தொடங்க வேண்டும். ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் நடுவில் சுமார் இருபது நாள்தான். அதற்குள் ஸ்வீட் ஸ்டாலில் மொத்த ஆர்டர் போயிருக்கும், நகைக்கடையில் பொருள் எடுத்திருப்பார். வாங்கி வைத்த பிறகு வேண்டாம் என்றால் அவர் அந்தப் பொருளை என்ன செய்வார்? வாங்குவதற்கு முன்னால் சொன்னால் அவர் பணமும் மிச்சம், உங்கள் இருவருக்கும் சங்கடமும் இல்லை. இதற்குக் கம்பெனித் தலைவரோ பர்ச்சேஸ் தலைவரோ கையெழுத்திட்ட ஒரு கடிதம் போக வேண்டும். சந்தேகப்படுகிற நாலு பேருக்கு மட்டும் அனுப்பாமல் பட்டியலில் உள்ள அத்தனை சப்ளையருக்கும் அனுப்ப வேண்டும். பவுண்டரிக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வார்கள். "உனக்கு வந்துச்சா, எனக்கு வரலையே" என்றால் வந்தவருக்கு அவமானம்.

கடிதத்தை எச்.ஆர். கையில் விட்டுவிட்டால் "எங்கள் ஊழியர்களுக்குப் பரிசு வழங்கப்படுவதாக அறிகிறோம்; மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும்" என்று எழுதிக் கொண்டுவருவார்கள். படிக்கிறவருக்குத் திருடனைப் பிடித்த மாதிரி இருக்கும். நாங்கள் கடைசியாக வைத்துக்கொண்ட வாசகம் ஏறக்குறைய இப்படி: "பண்டிகைக் காலத்தில் தாங்கள் எங்கள் மீது காட்டும் அன்புக்கு நன்றி. எங்கள் ஊழியர்கள் யாரும் பரிசோ விருந்தோ ஏற்பதில்லை என்பது கம்பெனியின் விதி. தாங்கள் தொலைபேசியில் சொல்லும் ஒரு வாழ்த்தே எங்களுக்குப் போதும். யாருக்காவது அனுப்ப நினைத்திருந்தால், தயவுசெய்து தங்கள் தொழிலாளர்களுக்கு எங்கள் வாழ்த்தைச் சொல்லுங்கள்." கடைசி வரி எங்கள் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் சேர்த்தது. அதைப் படித்துவிட்டு இரண்டு பேர் எனக்குப் போன் செய்து சிரித்தார்கள். அந்த அளவுக்குப் போதும்.

ஆனால் உங்கள் பவுண்டரிக்காரர் மாதிரிப் பெரியவருக்குக் கடிதம் போய்ச் சேர்வதற்கு முந்தின நாளே நீங்கள் போன் செய்துவிட வேண்டும். காகிதத்தில் முதலில் பார்த்தால் "நம்ம தம்பி வாயால சொல்லலையே" என்று இருக்கும். சுற்றி வளைக்காதீர்கள். "அய்யா, நாளைக்குக் கம்பெனியில இருந்து எல்லாருக்கும் ஒரு லெட்டர் வருதுங்க. பண்டிகைக்கு யாரும் எதுவும் வாங்கக்கூடாதுன்னு. உங்களுக்கு நானே முன்னாடி சொல்லிடணும்னு தோணுச்சு. போன வருஷம் சேலை கொண்டுவந்தப்ப நான் வீட்ல இல்ல, இருந்திருந்தா அப்பவே சொல்லியிருப்பேன். இந்த வருஷம் வெறுங்கையோட வாங்க, காபி சாப்பிட்டுப் போங்க." இவ்வளவுதான். வெறுங்கையோடு வரச் சொல்வது முக்கியம். பொருள் வேண்டாம் என்பதை அவர் "நீ வராதே" என்று கேட்டுக்கொள்ளக் கூடும்.

இதில் தவிர்க்க வேண்டிய பேச்சு மூன்று உண்டு. லஞ்சம் என்ற சொல்லோ தப்பு என்ற சொல்லோ வாயிலிருந்து வரவே கூடாது, விளையாட்டுக்குக்கூட. "எனக்கு ஆசைதான், கம்பெனி விடமாட்டேங்குது" என்றும் சொல்லாதீர்கள். அது மறுப்பு மாதிரி இருந்தாலும் அழைப்புதான். "அப்ப கம்பெனிக்குத் தெரியாம வீட்டுக்கு அனுப்பிடறேன்" என்பார், அவர் மேல் தப்பில்லை. மூன்றாவது, "இவ்வளவு பெருசா எதுக்குங்க" என்பது. அடுத்த வருடம் சின்னதாகக் கொண்டுவருவார்.

இத்தனைக்கும் பிறகு அவர் பையோடு வாசலில் நிற்கலாம், பழைய மனிதர்கள் நிற்பார்கள். உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள். காபியோ மோரோ கொடுங்கள். குங்குமம், பூ, பழத்தை மனைவி வாங்கிக்கொள்ளட்டும். ஸ்வீட் உங்கள் ஆயிரத்துக்குள் அடங்கினால் அவர் எதிரிலேயே பிரித்து ஒன்றை எடுத்துச் சாப்பிடுங்கள், மீதி ஆபீஸுக்குப் போகட்டும். மற்றதைப் பிரிக்கவே வேண்டாம். பிரித்து, பார்த்து, விலையை மனதுக்குள் கணக்குப் போட்டு, அப்புறம் வேண்டாம் என்றால் அவர் காதில் "இது பத்தாது" என்றுகூட விழலாம். அவர் கிளம்பும்போது பையை நீங்களே எடுத்துக்கொண்டு கார் வரைக்கும் போய், "அய்யா, இதை வெச்சுக்கிட்டா நாளைக்கு ஆபீஸ்ல ரெஜிஸ்டர்ல உங்க பேரை எழுதணும். யாரோ ஒரு ஆடிட்டர் அதைப் படிப்பான். உங்க பேர் அந்தப் புத்தகத்துல இருக்கறது எனக்குப் புடிக்கலைங்க" என்று சொல்லி சீட்டில் வைத்துவிடுங்கள். நான் முயன்ற வார்த்தைகளில் அதிகம் பலித்தது இதுதான். இது பொய்யும் இல்லை. பரிசுப் பதிவேடு வைத்திருக்கும் கம்பெனிகளில் வாங்கிக்கொண்டதை எழுதத்தான் சொல்வார்கள். உங்கள் கம்பெனியில் பதிவேடு இல்லையென்றால் இந்த வரியைச் சொல்லாதீர்கள்.

நீங்கள் இல்லாத நேரத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டால், அன்று இரவே மேலாளருக்கு ஒரு மெயில். பொருளை போட்டோ எடுத்து இணைத்துவிடுங்கள். மறுநாள் காலை நீங்களே போங்கள். ஷிப்ட் தொடங்குவதற்கு முன்னால், ஆட்கள் இல்லாத நேரமாகப் பார்த்து, முடிந்தால் அவர் வீட்டுக்கு. போகும்போது உங்கள் வீட்டில் செய்த முறுக்கோ அதிரசமோ நாலு எடுத்துப்போங்கள். திருப்பிக் கொடுக்க வந்தவன் வெறுங்கையோடு வரவில்லை என்பதை அந்த வீட்டு அம்மா கவனிப்பார். டிரைவர், கூரியர், செக்யூரிட்டி, உங்கள் ஜூனியர் யாரும் வேண்டாம். அவர் கையில் கொடுங்கள், ஒரு காபி குடியுங்கள், சரக்கு விஷயம் எதுவும் பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

எத்தனை சொன்னாலும் திரும்ப வாங்க மாட்டேன் என்று சிலர் பிடிவாதம் பிடிப்பார்கள். அப்போது பொருளை எச்.ஆரிடம் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்வது ஒன்றுதான் உங்களைக் காப்பாற்றும். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பொருளை என்ன செய்வது என்பதில் எனக்குத் திடமான கருத்து இல்லை. ஆதரவற்றோர் இல்லத்துக்குக் கொடுப்பார்கள், ஊழியர்களுக்குள் குலுக்கல் போடுவார்கள். நான் ஒருமுறை ஒரு விளக்கை, கொடுத்தவர் பெயரிலேயே அவர்கள் குலதெய்வக் கோயிலுக்குச் சேர்த்தேன். அவருக்கு மெத்த மகிழ்ச்சி. எங்கள் ஆடிட்டருக்கோ அது பிடிக்கவில்லை. "நீங்க வாங்கினதாலதானே கொடுக்க முடிஞ்சுது?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது.

ஒரு பரிசு வெறும் பண்டிகை மரியாதையா, வேறு எதையாவது எதிர்பார்த்து வந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று பலர் கேட்பார்கள். விலையை வைத்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். தேதியைப் பாருங்கள். ரேட் ரிவிஷன் நடக்கிறதா, புது ஐட்டத்துக்கு கொட்டேஷன் திறக்கப் போகிறீர்களா, ரிஜெக்‌ஷன் டெபிட் கையெழுத்தாகாமல் இருக்கிறதா? அந்த வாரங்களில் அரைக் கிலோ அல்வாகூட வேண்டாம், விதி அனுமதித்தாலும் வேண்டாம். என் கதையில் அந்தப் பெரியவர் 340 கேசிங்கை மனதில் வைத்து விளக்கு கொண்டுவந்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இல்லை என்றுதான் நினைக்கிறேன், மூன்று வருடமாக அவர் தீபாவளிக்கு வருகிறவர்தான். ஆனால் டெபிட் நோட்டை நான் குறைத்திருந்தால் விளக்குக்காகக் குறைத்தேன் என்பார்கள். குறைக்காமல் விட்டால் விளக்கை வாங்கிக்கொண்டு இப்படிச் செய்தானே என்று அவரே நினைப்பார்.

சின்ன சப்ளையர்கள் ஏன் பரிசோடு வருகிறார்கள் என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள். நான் பார்த்தவர்களில் பெரும்பாலோர் ரேட்டைக் கூட்டிக் கேட்க வந்தவர்கள் இல்லை. பில் மாட்டிக்கொண்டிருக்கும். சரக்கு வந்து சேர்ந்தது என்பதற்கான ஜி.ஆர்.என். சீட்டு போடாமல் ஸ்டோர்ஸில் கிடக்கும், அக்கவுண்ட்ஸில் யாரும் போன் எடுக்க மாட்டார்கள். நம்மை மறந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் ஸ்வீட் பாக்ஸ் வருகிறது. 2006 ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, அரசின் உதயம் பதிவு உள்ள சிறு, குறு சப்ளையருக்கு எழுத்துமூல ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2023-24 நிதியாண்டிலிருந்து அந்தக் கெடு தாண்டி நிற்கும் பாக்கியை, பணம் கொடுக்கும் வருடம் வரை கம்பெனி தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது. நீங்கள் திருப்பித் தரக்கூடிய மரியாதை இங்கேதான் இருக்கிறது. தீபாவளிக்கு முன்னால் அவர் போனஸ் போட வேண்டும். அதற்குப் பத்து நாள் முன்னால், அவருடைய கெடு தாண்டிய பில் எதுவும் நிற்கிறதா என்று அக்கவுண்ட்ஸில் பார்த்துவிட்டு, "அய்யா, அந்த ரெண்டு பில்லும் வெள்ளிக்கிழமை வந்துடும்" என்று ஒரு போன் செய்யுங்கள். ஆனால் அவருக்கு மட்டும் பார்க்காதீர்கள். பட்டியலில் உள்ள எல்லாருக்கும் சேர்த்துப் பாருங்கள், இல்லையென்றால் அதுவும் சலுகையாகிவிடும். நான் இதைத் தொடங்கிய வருடம் பைகள் பாதியாகக் குறைந்தன.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் வக்கீல் இல்லை, தொழிலில் தெரிந்துகொண்டதுதான். 1988 ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் அரசு ஊழியர்களுக்கும் அரசு நிறுவனங்களில் இருப்பவர்களுக்கும் உரியது. உங்களைப் போல் சாதாரணத் தனியார் கம்பெனியில் இருப்பவர் சப்ளையரிடம் வாங்குவது அதில் நேரடியாக வராது. அதனால் உங்களைக் கட்டுவது முதலில் உங்கள் வேலை ஒப்பந்தம்தான். மீறினால் வேலை போகும். உங்கள் கம்பெனிக்கு இங்கிலாந்தில் தாய் நிறுவனம் இருந்தால் கொஞ்சம் வேறு. அந்த நாட்டின் 2010 ஆம் ஆண்டு லஞ்சச் சட்டம் தனியாருக்குள் நடப்பதையும் சேர்த்துத்தான் பார்க்கிறது. தணிக்கைக்காரர்கள் ஸ்வீட் பாக்ஸ் வரைக்கும் கேள்வி கேட்பது பெரும்பாலும் அதனால்தான். வருமான வரியிலும் ஒரு விதி வந்திருக்கிறது. 2022 ஜூலை 1 முதல், தொழில் சார்ந்து ஒருவருக்குத் தரும் சலுகையோ பொருளோ வருடத்தில் 20,000 ரூபாயைத் தாண்டினால் தருகிறவர் பத்து சதவீதம் டி.டி.எஸ். கட்ட வேண்டும். மிகச் சிறிய தனிநபர் தொழில்களுக்கு விலக்கு உண்டு. உங்கள் ரிசார்ட் ரூம் இரண்டு நாளில் அந்தத் தொகையைத் தொட்டுவிடலாம். அது யார் கணக்கில் எப்படி ஏறும் என்பதை அவருடைய ஆடிட்டர்தான் சொல்ல வேண்டும். நீங்கள் அரசு நிறுவனத்துக்கு மாறினால் நான் மேலே சொன்ன நெளிவுசுளிவுகள் பலவும் செல்லாது, அங்கே நடத்தை விதிகள் தனி.

விருந்து என்பது பரிசைவிடக் கஷ்டம், சாப்பிட்டதைத் திருப்பிக் கொடுக்க முடியாது. வீட்டுக்கு வந்தவர் கை நனைக்காமல் போனால் அது எவ்வளவு பெரிய அவமதிப்பு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் நான் எங்கே சாப்பிடுவேன் என்பதை முன்னாலேயே நானே முடிவு செய்துவிடுவேன். பவுண்டரி ஆடிட்டுக்குப் போகிறோம் என்றால் தேதி சொல்லும் மெயிலிலேயே, "மதியம் உங்கள் ஆட்கள் சாப்பிடும் சாப்பாடே போதும், மாலை ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவேன், தங்க ரூம் நானே போட்டுவிட்டேன்" என்று எழுதிவிடுவேன். இதில் எனக்கு ஒரு லாபமும் இருந்தது. ஆட்களோடு உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிடும்போதுதான் எந்த ஃபர்னஸ் மூன்று நாளாக நிற்கிறது, எந்த கோர் மேக்கர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்பதெல்லாம் காதில் விழும். ஸ்டார் ஹோட்டலில் உட்கார்ந்தால் இது எதுவும் தெரியாது. முன்னறிவிப்பு இல்லாமல் இரவு பெரிய இடத்துக்குக் கூட்டிப்போய்விட்டால் அங்கே எழுந்து நின்று பில்லுக்குச் சண்டை போடாதீர்கள், அவருடைய மகனோ மேனேஜரோ பக்கத்தில் இருப்பார். எளிமையாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், மறுநாள் மேலாளருக்கு எழுதிவிடுங்கள். அடுத்த முறை, "அய்யா, இந்தத் தடவை என் முறை" என்று நீங்கள் அவரை அன்னபூர்ணாவுக்குக் கூட்டிப்போய் ஒரு டிபன் வாங்கிக் கொடுங்கள்.

கல்யாணத்துக்குக் கட்டாயம் போங்கள். அதை எந்த விதியும் தடுக்கப் போவதில்லை, போகாமல் இருந்தால்தான் அவர் மனம் நோகும். மேலாளரிடம் முன்னாலேயே சொல்லிவிட்டு, குடும்பத்தோடு போய் முகூர்த்தத்தில் அட்சதை போட்டு, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, உங்கள் சொந்தப் பணத்தில் மொய் எழுதுங்கள். எல்லாருக்கும் தரும் தாம்பூலப் பையை வாங்கிக்கொள்ளுங்கள், அது ஊருக்கே பொது. உங்களுக்கென்று தனியாக ஒரு பை எடுத்து வந்தால், அது தாம்பூலமில்லை. கார் அனுப்புகிறேன் என்றால் வேண்டாம், நம் வண்டியிலேயே வருகிறோம் என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் வீட்டு விசேஷம் வரும்போது என்ன செய்வீர்கள் என்பதையும் இப்போதே யோசித்துவிடுங்கள். அவர் மகள் கல்யாணத்தில் நீங்கள் எழுதிய மொய் அவர் நோட்டில் இருக்கும், இரண்டு மடங்காகத் திரும்பி வரும். என் மகள் கல்யாணத்துக்கு நான் சப்ளையர் யாரையும் கூப்பிடவில்லை. கல்யாணம் முடிந்து ஒரு மாதம் கழித்து எல்லாருக்கும் போன் செய்து சொன்னேன். சிலர் வருத்தப்பட்டார்கள், அந்த விளக்குப் பெரியவர் உட்பட. அப்போது அவர் என்னோடு பேசத் தொடங்கியிருந்தார். "அன்பளிப்பு தவிர்க்கவும்" என்று அச்சடித்துக் கூப்பிட்டிருக்கலாமோ என்று இன்றைக்கும் தோன்றுகிறது. நான் செய்ததைச் சரி என்று உங்களுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ரிசார்ட் விஷயத்தில் மட்டும் தாமதிக்காதீர்கள். அவர் புக் செய்து அட்வான்ஸ் கட்டிவிட்டால் மறுப்பது பத்து மடங்கு கஷ்டமாகிவிடும். இந்த வாரமே உங்கள் வசதிக்கு ஏற்ற ஒரு லாட்ஜில் ரூம் போட்டுவிட்டு, அதன்பிறகு போன் செய்யுங்கள்: "அய்யா, கல்யாணத்துக்கு நாங்க எல்லாரும் வர்றோம். ரூம் போட்டாச்சுங்க. அந்த ரூமை உங்க ஊர்ப் பெரியவங்க யாருக்காவது கொடுத்துடுங்க. முகூர்த்தத்துக்கு எத்தனை மணிக்கு நாங்க அங்க இருக்கணும்?" முகூர்த்த நாளில் பொள்ளாச்சியில் ரூம் கிடைப்பது லேசில்லை, இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.